தேவதாஸ் கிராணி போட்ட இருபது

லாடாங் செம்பாக்கா தோட்டத்தில் ஒரு விசேஷம் என்றால் முதலில் ஆபீஸ் கணக்குப்பிள்ளை தேவதாஸ் கிராணியைத்தான் தேடுவார்கள். தீமிதித் திருவிழா நோட்டீசா, கல்யாணப் பத்திரிகையின் மேலுறையா, ஆபீஸ் வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகையா, எல்லாம் அவர் கைதான். ஆங்கிலமோ தமிழோ, எழுத்து அச்சடித்த மாதிரி நிற்கும். துரை மாறினாலும் மேனேஜர் மாறினாலும் "தேவதாஸ், இதை எழுதிக் கொடு" என்பது மாறவில்லை. மனிதருக்கு அதில் இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. சட்டைப்பையில் மூன்று பேனா, காதோரம் ஒரு பென்சில் இல்லாமல் தொழிலாளர் லயத்துப் பக்கம்கூட வரமாட்டார்.

இப்படி இருந்த மனிதரைப் பிடித்து ஆட்டியது ஒரு பொறாமை. யார் மேல் என்று கேட்டால் சிரிப்பு வரும். கட்டின பெண்டாட்டி மேல்!

கங்கா அந்தத் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையின் லேபில் வேலை செய்தாள். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்த கையோடு, சோதனைக்கு மாதிரி எண்ணெய் பிடித்துக்கொண்டு வரும் பெண்ணாகச் சேர்ந்தவள். கல்யாணம் ஆன புதிதில் அவள் சம்பளம் இவர் சம்பளத்தில் பாதி. அப்போது எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. சாயந்தரம் வந்து, "இன்னைக்கு ஒரு துளி கூடுதலா விழுந்துருச்சுங்க, கரைசல் ஒரேயடியா சிவந்து போச்சு, மறுபடியும் செஞ்சேன்" என்று கதை சொல்வாள். இவர் பெரிய மனுஷனாகக் கேட்டுக்கொள்வார்.

அவள் அளந்துகொண்டிருந்தது எஃப்.எஃப்.ஏ. என்ற அளவு. செம்பனைப் பழம் அடிபட்டும், அவிக்காமல் காத்துக் கிடந்தும் கெட்டால், எண்ணெயில் அமிலம் ஏறும். அதற்குத்தான் அந்தப் பெயர். நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் வாங்குகிறவன் முகத்தைச் சுளிப்பான். இந்த ஆலையில் அது எப்போதும் நாலரைப் பக்கமே தொங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் பழம் வெட்டுகிறவனைத் திட்டுவார். அவன் லோரிக்காரனைத் திட்டுவான். கங்கா யாரையும் திட்டவில்லை. லோரிகள் பழம் கொட்டும், வரிசையாகக் கதவுகள் வைத்த மேடையில் போய் நின்று பார்த்தாள். ஆலைக்காரர்கள் கைக்கு எட்டிய பக்கத்துக் கதவையே திறந்து திறந்து அவிக்கப் பழம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசி மூலைக் குலைகள் மூன்று நாள் கிடந்தன. அவள் ஒவ்வொரு கதவிலும் பழம் வந்த நாளைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுத வைத்து, பழையதை முதலில் ஏற்று என்று கெஞ்சிக் கூத்தாடி நடைமுறைக்குக் கொண்டுவந்தாள். எண்பத்தாறாம் வருஷம் ஜனவரியில் நாலு புள்ளி நாலாக இருந்த அமிலம், செப்டம்பரில் மூன்று புள்ளி இரண்டுக்கு வந்துவிட்டது.

அவ்வளவுதான். ஆலையில் அவள் 'லேப் அம்மா' ஆகிவிட்டாள். எஞ்சினியரே அவளைக் கேட்டுவிட்டுத்தான் மேடைப் பக்கம் போகிறார் என்று பேச்சு.

ஒருநாள் கோலசிலாங்கூர் பட்டணத்தில் மதார் சாகிபு கடையில் தேவதாஸ் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையிலிருந்து ஒரு லோரி டிரைவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, நீங்க லேப் அம்மா வீட்டுக்காரர்தானே? நல்ல மனுஷி லா. இப்பெல்லாம் எங்க லோரி காத்துக் கெடக்குறதே இல்ல."

பெரிய கிராணி, பதினாறு வருஷ சர்வீஸ், லேப் அம்மா வீட்டுக்காரர்! அன்றைக்கு அந்த மனிதர் ரொட்டி சானாயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மதார் சாகிபு, "என்ன கிராணி, ரொட்டி சரியில்லையா?" என்று கேட்டதும் காசை மேசையில் வைத்துவிட்டு நடந்தார்.

கம்பெனிக்கு அந்த வட்டாரத்தில் மூன்று ஆலைகள். வருஷா வருஷம் அக்டோபரில் பட்டணத்து கிளப் மண்டபத்தில் மூன்று ஆலைக்காரர்களும் கூடுவார்கள். ஒவ்வோர் ஆலையிலிருந்தும் ஒருவர் மேடையேறி, பிளாஸ்டிக் தாளில் வரைந்த படத்தைப் புரொஜெக்டரில் போட்டுக் காட்டிப் பேச வேண்டும். அந்த வருஷம் மூன்று லேபுக்கும் சேர்த்து ஒரு சூப்பர்வைசர் போடப் போகிறார்கள், தலைமை எஞ்சினியர் பேச்சுகளைப் பார்த்துத்தான் ஆளைப் பொறுக்குவார் என்று தகவல் வந்தது. மேனேஜர் கங்காவைப் பேசச் சொல்லிவிட்டார்.

அவள் ஓடி வந்தது யாரிடம்? இவரிடம்தான்.

"ஏங்க, எனக்கு கிராஃப் போட்டுத் தாங்க. ஸ்கூல்ல போட்டது, எல்லாம் மறந்து போச்சு. என் கையில கோடு போட்டா கோழி நடந்த மாதிரி இருக்கும்."

அந்த நிமிஷம் அவருக்கு மனசு குளிர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என்ன இருந்தாலும் நான் இல்லாமல் இவளுக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குளித்து, மேசையைத் துடைத்து, வரைதாளை விரித்து உட்கார்ந்தார். கீழே மாதங்கள். இடது பக்கம் சுழியிலிருந்து ஐந்து வரை எண்கள். ஒன்பது புள்ளி வைத்து, ஸ்கேலைப் பிடித்துச் சேர்த்தார்.

கோடு இறங்கியது. ஜனவரியில் உச்சிக்குப் பக்கத்தில் கிளம்பி, மே மாதத்தில் வளைந்து, செப்டம்பரில் நடுவுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. பார்த்தால் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும், ஏதோ ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது என்று. அதை அவ்வளவு அழகாகக் காட்டியது அவர் கை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. மண்டபத்தில் அத்தனை பேரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், கை தட்டுவார்கள், இவள் சூப்பர்வைசர் ஆவாள், மூன்று ஆலையிலும் நான் லேப் அம்மா வீட்டுக்காரன் ஆவேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

போன வருஷம் நடந்த ஒரு சங்கதி அப்போது ஞாபகத்துக்கு வந்தது. ஜெராம் பக்கத்து ஆலையின் கெமிஸ்ட் சலாவுதீன், சட்டை மடிப்புக் கலையாத இளைஞர், எண்ணெய் பிழிவு விகிதத்தைப் பட்டைப் படமாகப் போட்டுக் காட்டினார். அதற்கு முந்தின வருஷம் பத்தொன்பது புள்ளி நாலு, அந்த வருஷம் பத்தொன்பது புள்ளி ஒன்பது. படத்திலோ புதுப் பட்டை பழைய பட்டையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நின்றது. தலைமை எஞ்சினியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உன் படத்துக்குச் சுழி எங்கேப்பா?" என்று கேட்டார். சலாவுதீன் அச்சைப் பத்தொன்பதிலிருந்து ஆரம்பித்திருந்தார். பட்டை என்றால் ஜனங்கள் நீளத்தைத்தானே பார்ப்பார்கள்? அடியை வெட்டிவிட்டால் அரை எண் வித்தியாசம் ஆனை மாதிரி தெரியும். மண்டபமே சிரித்தது. பாவம், அவர் காதெல்லாம் சிவந்துபோய் உட்கார்ந்தார்.

சுழியிலிருந்து போடுவதுதான் நேர்மை. தேவதாஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சுழி இருக்கிறது, யாரும் குறை சொல்ல முடியாது. சரி, சுழியிலிருந்து எது வரை? அதைத்தான் யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லையே! முதல் தாளைக் கசக்கிக் கீழே போட்டுவிட்டு வேறு ஒரு வரைதாளை எடுத்தார். சுழியிலிருந்து இருபது வரை எண்களை எழுதினார். அதே ஒன்பது புள்ளிகள். கோடு தாளின் அடியில், தரையோடு தரையாக, படுத்துக் கிடந்தது. ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் இடையில் அரை விரல் இறக்கம் இருந்தால் அதிகம். மேலே முக்கால்வாசி இடம் வெறுமையாகக் கிடந்தது.

அதைப் பிளாஸ்டிக் தாளில் மையால் இழைத்து இழைத்து ஏற்றினார். தலைப்பை மட்டும் அப்படி எழுதினார், அந்த எழுத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. கங்கா வந்து பார்த்தாள்.

"எழுத்து எவ்வளவு அழகா இருக்குங்க! ஆனா கோடு என்னங்க படுத்தே கெடக்குது?"

"போன வருஷம் சலாவுதீன் பட்ட பாடு மறந்து போச்சா? நேர்மையா போட்டா இப்படித்தான் இருக்கும். நீ கொறைச்சது ஒன்னு புள்ளி ரெண்டுதானே? ஆகாசத்துல இருந்தா குதிக்கும்?"

"ஒன்னு புள்ளி ரெண்டுதான்" என்றாள் அவள், குரல் கொஞ்சம் இறங்கி. "நான்தான் பெரிசா நெனச்சுக்கிட்டேன் போல."

அந்தக் குரலைக் கேட்டபோது அவருக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது. மனுஷன் மனசு எப்படிப்பட்டது பாருங்கள்.

கூட்டத்தன்று இரண்டு பேரும் ஹோண்டா மோட்டார்சைக்கிளில் போனார்கள். கங்கா ஊதா நிறப் புடவை கட்டியிருந்தாள், தாள்களை மடியில் கோயில் பிரசாதம் மாதிரி பத்திரமாக வைத்திருந்தாள். பெரிய கிராணிகளுக்கும் அழைப்பு உண்டு, ஆகவே தேவதாஸ் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் பேச்செல்லாம் ஆங்கிலமும் மலாயும்தான். இங்கே நம் பேச்சிலேயே சொல்லிவிடலாம்.

அவள் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். மேடைக் கதவுகள், சுண்ணாம்பில் எழுதிய நாள்கள், மூலையில் கிடந்த பழம், எல்லாம் சொல்லிவிட்டு, "இது பலன்" என்று படத்தைப் போட்டாள். திரையில் அழகான தலைப்பு, பெரிய வெற்றிடம், அடியில் ஒரு கோடு. பின்னால் ஒருவர் கொட்டாவி விட்டார். தேவதாசுக்கு அந்தக் கொட்டாவி காதில் தேனாக விழுந்தது.

கேள்வி நேரம் வந்தது. மூன்றாவது ஆலையின் மேனேஜர் எழுந்தார்.

"ஒன்பது மாசம் இவ்வளவு பாடுபட்டு இந்தக் கோடு இவ்வளவுதான் இறங்குச்சா? இது மழை வெயில் மாறுறதுல வர்றதா இருக்கக்கூடாதா?"

கங்கா திரையைத் திரும்பிப் பார்த்தாள். தலைமை எஞ்சினியர் ஏதோ குறித்துக்கொண்டு பேனாவை மூடினார். முடிந்தது கதை, என்று தேவதாஸ் காலை நீட்டி உட்கார்ந்தார்.

அப்போது சலாவுதீன் கையைத் தூக்கினார். மண்டபத்தில் ஒரு சலசலப்பு. சென்ற வருஷத்து ஆள் சுழியைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று எல்லாருக்கும் நினைப்பு.

"மிஸஸ் தேவதாஸ், உங்க அச்சு சுழியில ஆரம்பிக்குது, நல்லது. ஆனா ஏன் இருபது வரைக்கும் போகுது? எஃப்.எஃப்.ஏ. அஞ்சு வந்தாலே நாமெல்லாம் தலையில கை வைக்கிறோம். இருபது வந்த எண்ணெய்ய யாராவது பார்த்திருக்கீங்களா? போன வருஷம் நான் அடிய வெட்டிப் பெரிசாக் காட்டினேன், திட்டு வாங்கினேன். நீங்க தலைய நீட்டிச் சின்னதாக் காட்டுறீங்க. ரெண்டும் ஒன்னுதானே? படத்த விடுங்க, எண்ணச் சொல்லுங்க."

"நாலு புள்ளி நாலுல இருந்து மூனு புள்ளி ரெண்டு" என்றாள் கங்கா.

"நாலுல ஒரு பங்குக்கும் மேல கொறைச்சிருக்கீங்க!" என்றார் சலாவுதீன். "இந்தப் படம் அதச் சொல்லலையே!"

கங்கா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். மூன்றாம் வரிசையைத்தான் பார்த்தாள். சுழியில் ஒரு குற்றமும் இல்லை, இருபதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. அது விளங்கியது தேவதாசுக்கும் தெரிந்தது. அவர் மேலே சுற்றும் மின்விசிறியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஓடினால் என்ன என்றுகூடத் தோன்றியது.

"அளவு என் தப்பு சார்" என்றாள் கங்கா. "வெறும் தாள் ஒன்னு கெடைக்குமா?"

யாரோ ஒரு தாளும் கறுப்பு, சிவப்பு மைப் பேனாக்களும் கொடுத்தார்கள். புரொஜெக்டர் வெளிச்சத்தில் குனிந்து நின்று, எல்லார் கண்ணுக்கும் முன்னால் அவள் வரைந்தாள். ஸ்கேல் இல்லை. அச்சு ஒரு பக்கம் சாய்ந்தது, எண்கள் ஒன்று பெரிது ஒன்று சிறிது. சுழியிலிருந்து ஐந்து வரை. ஐந்தில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு போட்டு, "இது வாங்குறவங்க வச்ச எல்லை" என்றாள். பிறகு தன் தாள்களைப் புரட்டி, போன வருஷத்து ஒன்பது மாதங்களைப் புள்ளி புள்ளியாக வைத்தாள். அந்தக் கோடு நாலரையை ஒட்டியே ஊர்ந்தது. "அதே மழை, அதே வெயில்" என்றாள். அதன் கீழே இந்த வருஷத்துக் கோடு. ஜனவரியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு கிளம்பின. செப்டம்பரில் நடுவில் ஒரு பெரிய வாய் திறந்திருந்தது.

கேள்வி கேட்ட மேனேஜர் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தலைமை எஞ்சினியர் பேனாவின் மூடியை மறுபடியும் திறந்தார்.

"அச்ச மூனுல இருந்து ஆரம்பிச்சிருந்தா இன்னும் செங்குத்தா விழுந்திருக்குமே. இது கோடுதானே, பட்டை இல்லையே? ஏன் செய்யல?"

பொறி வைத்துக் கேட்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கங்கா கொஞ்சம் யோசித்தாள்.

"செய்யலாம் சார். மூனுல ஆரம்பிக்குதுன்னு பெரிசா எழுதிட்டு செய்யலாம். வித்தியாசம் ரொம்பச் சின்னதா இருந்தா அப்படித்தான் செஞ்சாகணும். எனக்குத் தேவப்படல. இந்த அளவுலயே தெரியுது. மூனுல இருந்து போட்டா அமிலமே ஒழிஞ்சு போன மாதிரி இருக்கும், அது இன்னும் மூனு புள்ளி ரெண்டு இருக்குதே."

கை தட்டினார்கள். சும்மா மரியாதைக்குத் தட்டுகிற தட்டு இல்லை. சலாவுதீன் எழுந்து நின்றே தட்டினார்.

"அந்த முதல் படம் யார் போட்டது?" என்றார் தலைமை எஞ்சினியர். "எழுத்து அச்சு மாதிரி இருக்கு."

"எழுத்து என் வீட்டுக்காரரோடது சார், அதோ உட்கார்ந்திருக்கார். எண்ணு என்னோடது."

எல்லாத் தலையும் திரும்பியது. தலைமை எஞ்சினியர் இவரைப் பார்த்துச் சிரித்து, "பிரமாதமான கை" என்றார். மதார் சாகிபு கடையில் அன்றைக்குக் கேட்டதைவிட இது மோசமாகச் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் தள்ளிவிட்ட பள்ளத்தில் நின்றே அவள் உயர்ந்துவிட்டாள், போதாததற்கு இவருக்கும் ஒரு பங்கு பாராட்டு வாங்கிக் கொடுத்துவிட்டாள். இவளை எந்தப் பக்கம் போய் மடக்குவது? அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது அதுதான்.

கூட்டம் கலையும்போதே தலைமை எஞ்சினியர் கங்காவைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து மூன்று லேபும் உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. சாலையோர பஸ் நிறுத்தத்தில் ஹோண்டாவை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் ஒதுங்கினார்கள். கங்கா புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். எதிரே செம்பனை மரங்கள் நனைந்துகொண்டிருந்தன. அவள் கத்துவாள், அழுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று தேவதாஸ் காத்திருந்தார். அதற்கெல்லாம் அவரிடம் பதில் தயாராக இருந்தது. நேர்மை, சுழி, சலாவுதீன், எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்.

"முதல்ல அஞ்சு வரைக்கும் போட்டிருந்தீங்கல்ல?" என்றாள் கங்கா. "வீடு கூட்டும்போது மேசைக்குக் கீழ கெடந்துச்சு. பென்சில்ல போட்டது. ஏதோ சரியா வராம கசக்கிப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் சட்டைப்பையில் இருந்த பேனாக்களைச் சரிசெய்தார்.

"தாள் பெரிசா இருந்துச்சு லா..." என்று ஏதோ ஆரம்பித்தார். அவருக்கே அது கேவலமாக இருந்தது, நிறுத்திவிட்டார்.

"எனக்குப் புரியுதுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நான் ஏறி நிக்கிறது உங்களுக்குக் கஷ்டமா இருந்தா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் போகவே மாட்டேனே."

அடுக்கி வைத்த பதில்களில் இதற்கு ஒன்றும் இல்லை. அவள் சொன்னது நிஜம் என்று அவருக்குத் தெரியும், அவள் போயிருக்கமாட்டாள். அவர் இடத்தில் அவளும் அவள் இடத்தில் அவரும் இருந்தால், அவர் போயிருப்பார். அது அவளுக்கும் தெரியும் என்பதுதான் அவரை நிமிரவிடவில்லை.

மழை விட ரொம்ப நேரம் ஆயிற்று.

"வண்டிய எடுங்க" என்றாள் கங்கா. "போய் சோத்துக்கு ஒல வைக்கணும்."

அவர் வண்டியை எடுத்தார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். கூட்டத்துக்கு வரும்போது அவர் தோளைப் பிடித்திருந்த கை, வீட்டுக்குப் போகும்போது சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டது.